‘நோயாளி மறுக்கிறார், கையொப்பம் பெறப்பட்டது’: இந்த ஒரு வரி போதாது என்று மருத்துவமனைத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன்களுக்கும், மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும், நிலைய மருத்துவ அலுவலர்களுக்கும்,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பணியாற்றும் மனநல மருத்துவர் நான். அறுவை சிகிச்சை வார்டிலிருந்தும் மெடிக்கல் வார்டிலிருந்தும் எங்கள் பிரிவுக்கு வரும் ரெஃபரல் சீட்டுகளில் ஒரு வகை உண்டு. “நோயாளி ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சைக்கியாட்ரி ஒப்பினியன் வேண்டும்” என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் அங்கேயும் ஒரே வரிதான்: சிகிச்சை அறிவுறுத்தப்பட்டது, உயிருக்கு ஆபத்து என்று விளக்கப்பட்டது, நோயாளி மறுக்கிறார், உறவினர் கையொப்பம் பெறப்பட்டது.

அந்த வரியை எழுதிய பிஜி மாணவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இரவு ஒரு மணிக்கு நாற்பது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். என்ன எழுத வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நாம் அச்சடித்துக் கொடுத்திருக்கும் படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. அந்தப் படிவம் உங்கள் கையில் இருப்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

ஒரு நோயாளியை முன்வைத்துப் பேசுகிறேன். அடையாளம் தெரியாதபடி பல நோயாளிகளின் விவரங்களைக் கலந்து மாற்றியிருக்கிறேன். அறுபத்தொரு வயதுக் கைத்தறி நெசவாளர். பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய். வலது காலில் மூன்று விரல்கள் கறுத்துவிட்டன, உள்ளங்காலின் நடுவரைக்கும் சீழ் இறங்கியிருந்தது. இரவில் அட்மிஷன் ஆகும்போது காய்ச்சல் 103, சர்க்கரை 412, வெள்ளை அணுக்கள் 21,000, சோடியம் 128. முட்டிக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்றார் அறுவை சிகிச்சை நிபுணர். “காலை எடுக்கக் கூடாது” என்றார் நோயாளி. நான் மேலே சொன்ன வரி எழுதப்பட்டது. மகன் கையெழுத்துப் போட்டார்.

அதே இரவில் நர்ஸ் எழுதிய குறிப்பு வேறொரு பக்கத்தில் இருந்தது. நோயாளி வென்ஃப்ளானை இரண்டு முறை பிடுங்கி எறிந்திருக்கிறார். “பாவு எங்கே வெச்சீங்க” என்று கேட்டிருக்கிறார். விடியும்வரை தூங்கவில்லை, காலையில் எழுப்பினால் எழவில்லை. டாக்டரின் பக்கத்தையும் நர்ஸின் பக்கத்தையும் சேர்த்துப் படிப்பவருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். ஒரு மணிக்கு ‘வேண்டாம்’ என்று சொன்னது அந்த மனிதரா, அவருடைய ரத்தத்தில் கலந்திருந்த நஞ்சா?

காலை பத்து மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது, இருபதிலிருந்து ஒன்றுவரை தலைகீழாக எண்ணச் சொன்னேன். பதினாறு வரை வந்து கண்ணை மூடிக்கொண்டார். தறிக்கூடத்தில் இருப்பதாக நினைத்தார். காலில் இருந்த கட்டை யாரோ நூல் சுற்றி வைத்திருப்பதாகச் சொன்னார். இதை டெலிரியம் என்கிறோம். உடல் நோயால் மூளை தற்காலிகமாகக் குழம்பும் நிலை. கண் திறந்திருக்கும், பேரைக் கேட்டால் சொல்வார், சில நிமிடம் தெளிவாகக்கூடப் பேசுவார். அதனால்தான் ரவுண்ட்ஸில் ‘நினைவு இருக்கிறது, இடம் காலம் தெரிகிறது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அடிபட்டுப்போவது கவனம். கவனத்தைத் தனியாகச் சோதிக்காவிட்டால் டெலிரியம் பிடிபடாது. கிழமைகளை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பள்ளிக்கூடமே போகாதவரிடமும் அதைக் கேட்கலாம்.

அன்று நான் எழுதியது இதுதான்: “இந்த நேரத்தில், இந்த ஒரு முடிவை எடுக்கும் திறன் இவருக்கு இல்லை. காரணம் தொற்றும் சோடியம் குறைவும், இரண்டும் சரிசெய்யக்கூடியவை. காய்ச்சல் இறங்கிய பின் மறுபடி மதிப்பிட வேண்டும்.” இதில் ‘இந்த நேரத்தில்’, ‘இந்த ஒரு முடிவை’ என்ற இரண்டையும் விட்டுவிட்டால் குறிப்பு ஆபத்தானதாகிவிடும். ‘திறன் இல்லாதவர்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது அட்மிஷன் முடியும்வரை நோயாளியைத் துரத்தும். அடுத்து வருபவர் அவரிடம் எதையும் கேட்க மாட்டார், மகனிடம்தான் கேட்பார்.

சீழ் காத்திருக்காது. அதனால் அன்றே அறுவைப் பிரிவு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. காலை எடுக்காமல் சீழை மட்டும் திறந்து வடித்தார்கள். மனைவியிடமும் மகனிடமும் பேசினார்கள், தாமதித்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு மருத்துவர்கள் எழுதிக் கையொப்பமிட்டார்கள். ஒப்புதல் தர முடியாத நிலையில் இருப்பவருக்கு அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயலுக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில் நிதானம் வேண்டும். சீழை வடித்தால் உயிர் நிலைக்கும், காலைப் பற்றிய முடிவும் அவருக்காகக் காத்திருக்கும். காலையே எடுத்துவிட்டால், மூன்று நாளில் தெளிந்து எழப்போகிறவருக்கு முடிவெடுக்க எதுவும் மிஞ்சாது. இப்படி யோசித்தே அன்று முடிவெடுத்தார்கள். ஆனால் அந்த யோசனையில் ஒரு வரிகூட கேஸ் ஷீட்டில் ஏறவில்லை. நான் கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் 99, சர்க்கரை 180. கிழமைகளைப் பின்னோக்கித் தடுமாறாமல் சொன்னார். பங்குனியிலிருந்து சித்திரைவரை மாதங்களையும் சொல்லிவிட்டு, “இதெல்லாம் எதுக்கு டாக்டரம்மா, நான் பைத்தியமான்னு பாக்கறீங்களா?” என்று சிரித்தார். நியாயமான கேள்வி. காய்ச்சலில் குழம்பியிருந்ததையும், இப்போது தெளிவாக இருக்கிறாரா என்று பார்ப்பதையும் சொன்னேன்.

அன்றும் அவர் சொன்னது அதே ‘வேண்டாம்’தான்.

இந்த விஷயத்தின் முடிச்சு அங்கே இருக்கிறது. முதல் இரவிலும் மூன்றாம் நாளிலும் ஒரே மனிதர் ஒரே பதிலைச் சொன்னார். முதல் இரவின் மறுப்பை ஏற்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை. மூன்றாம் நாளின் மறுப்பை மீற மருத்துவமனைக்கு உரிமை இல்லை. ‘நோயாளி மறுக்கிறார், கையொப்பம் பெறப்பட்டது’ என்ற வரி இரண்டு நாளுக்கும் ஒன்றுபோலவே பொருந்துகிறது. இரண்டையும் பிரித்துக்காட்ட முடியாத ஒரு பதிவை வைத்துக்கொண்டு நாம் யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறோம்?

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். முதல் இரவில் அவர் “சரி, எடுங்க” என்று சொல்லியிருந்தால் என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பதினாறுக்குக் கீழே எண்ண முடியாத ஒருவரின் கைரேகை ஒப்புதல் படிவத்தில் விழுந்திருக்கும், காலையில் தியேட்டருக்குக் கொண்டுபோயிருப்போம். மறுப்பவரின் திறனை மட்டும் சந்தேகப்படுவது நம் எல்லோரிடமும் இருக்கும் பழக்கம். இந்த மடல் மறுப்பைப் பற்றியது என்பதால் அதை இங்கே வளர்க்கவில்லை.

திறன் என்றால் எதைப் பார்ப்பது என்பதில் மருத்துவ உலகில் பெரிய தகராறு இல்லை. அப்பெல்பாம், கிரிஸ்ஸோ என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1988இல் தொகுத்துச் சொன்னதைத்தான் பல நாடுகளிலும் பின்பற்றுகிறார்கள். சொன்னது புரிந்ததா, அது தனக்குத்தான் நடக்கிறது என்று உணர்கிறாரா, இரண்டு வழிகளையும் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, ஒரு முடிவைச் சொல்லி அதில் நிற்கிறாரா. இந்த நான்கும் போதும். நம் நாட்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 4ஆம் பிரிவு இதே திசையில் பேசுகிறது. ஒருவர் எடுக்கும் முடிவு தவறானது என்று மற்றவர்களுக்குத் தோன்றுவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்றும் அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் மனநலச் சிகிச்சைக்கானது, கால் அறுவைக்கு எழுதப்பட்டதில்லை. ஆனாலும் வயதுவந்த, திறனுள்ள ஒருவர் சிகிச்சையை மறுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் காமன் காஸ் வழக்கின் தீர்ப்பில் தெளிவாக்கிவிட்டது.

நான்கில் ‘புரிந்ததா’ என்பதைத்தான் நாம் மிக மோசமாகச் சோதிக்கிறோம். “சொன்னது புரியுதா?” என்று கேட்கிறோம். வெள்ளைக் கோட்டைப் பார்த்து “புரியலைங்க” என்று சொல்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? “சரிங்க டாக்டர்” என்பது பெரும்பாலும் மரியாதைக்காக வரும் பதில். அதைப் புரிந்ததற்கான சாட்சியாக எழுதிக்கொள்ள முடியாது. நான் அவரிடம் கேட்டது வேறு: “வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டம்மா ‘டாக்டர் என்ன சொன்னாங்க’ன்னு கேட்டா எப்படிச் சொல்வீங்களோ, அப்படி எங்கிட்ட சொல்லுங்கய்யா.”

அவர் சொன்னார்: “விரல் மூணும் செத்துப் போச்சு. உள்ளாற சீழ் வெச்சிருந்தது, எடுத்துட்டீங்க. முட்டிக்குக் கீழ எடுத்தா அதோட நின்னுடும்னு பெரிய டாக்டர் சொல்றாரு. எடுக்கலைன்னா மேல ஏறும், அப்புறம் முட்டிக்கு மேலேயே எடுக்க வேண்டி வரும். ரத்தத்துல கலந்தா ஆளே போயிடும்.”

இதைவிட நன்றாக எந்தப் படிவம் சொல்லிவிடும்? இந்த வரிகள் அப்படியே, அவர் சொன்ன தமிழிலேயே, கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். ‘நோயாளி விளைவுகளைப் புரிந்துகொண்டார்’ என்று நாம் எழுதுவது நம் கருத்து. அவர் வாயிலிருந்து வந்ததுதான் ஆதாரம்.

அடுத்தது காரணம். இதைக் கேட்கவே நாம் தயங்குகிறோம். மறுக்கிறவரிடம் காரணம் கேட்டால் வாக்குவாதமாகிவிடும் என்ற பயம் இருக்கிறது. அவருடைய மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். “எங்க அண்ணனுக்கும் இப்படித்தான். விரல்ல ஆரம்பிச்சு, பாதம், முட்டின்னு மேல மேல எடுத்தாங்க. மூணு மாசத்துல போயிட்டாரு. நான் குழித்தறிக்காரன். குழிக்குள்ள ரெண்டு காலையும் விட்டு மிதிச்சாத்தான் தறி ஓடும். செத்தாலும் பரவாயில்லைன்னு நான் சொல்லல டாக்டரம்மா. பொழைக்கத்தான் பாக்கறேன். செத்துப்போன விரலை எடுத்துக்கட்டும். முட்டி வரைக்கும் வேணாம்.”

இந்தப் பதிலில் நான்கு கேள்விக்கும் விடை இருக்கிறது. அண்ணனுக்கு நடந்ததைத் தன்னோடு பொருத்திப் பார்க்கிறார், தொழிலை எண்ணிப் பார்க்கிறார், நடுவழி ஒன்றையும் தேடுகிறார். அண்ணனுக்கு நடந்ததே இவருக்கும் நடக்கும் என்பதில்லை என்று அறுவை மருத்துவர் மறுபடி வந்து விளக்கினார். செயற்கைக் கால் பொருத்தி மேடைத் தறியில் உட்காரும் வழியையும் பேசினோம். கேட்டுக்கொண்டார், கேள்விகளும் கேட்டார். முடிவை மட்டும் மாற்றவில்லை. மாலை ஐந்து மணிக்கு மறுபடி போய், காலையில் பேசியதை நினைவூட்டாமல் கேட்டேன். அதே முடிவு, அதே காரணங்கள்.

மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் மனச்சோர்வில் இருப்பவர் எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, “எனக்கெதுக்கு இனிமே” என்று மறுப்பார். புரிதலில் குறை இருக்காது, சீர்தூக்கும் இடத்தில்தான் தட்டு சாய்ந்திருக்கும். இவருக்குத் தூக்கம் கெட்டது வலியால். பேரன் வந்தபோது முகம் மலர்ந்தது, ஆவணிக்குள் முடிக்க வேண்டிய சேலையைப் பற்றிக் கவலைப்பட்டார். சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை. இல்லை என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், பார்க்கப்படவே இல்லை என்றுதான் பின்னால் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நோயின் பெயரை வைத்து முடிவுகட்டுவது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு, அழுகிய கால்களைப் பற்றிய இரண்டு பழைய வழக்குகளை என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. 1993இல் இங்கிலாந்தில் பிராட்மூர் என்ற பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் 68 வயது நோயாளி ஒருவர் இருந்தார். நீதிமன்றம் அவரை ‘சி’ என்று மட்டும் குறிப்பிட்டது. அவருக்குப் பல ஆண்டுகளாகச் சிஸோஃப்ரினியா, தான் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் என்ற நம்பிக்கையும் இருந்தது. பாதம் அழுகியது. காலை எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புதான் என்றார் அறுவை நிபுணர். அவர் மறுத்தார். நீதிபதி தோர்ப் அவருக்குத் திறன் இருக்கிறது என்று தீர்ப்பளித்தார். காரணம், அவருடைய பிரமைகள் காலைப் பற்றிய யோசனையைத் தொடவில்லை. சாகக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, நம்பினார், எடைபோட்டார். காலை எடுக்காமலே அப்போதைய ஆபத்தும் நீங்கியது.

அதற்கு முன்பு, 1978இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் மேரி நார்தர்ன் என்ற 72 வயது மூதாட்டி. மற்ற எல்லா விஷயங்களிலும் தெளிவாகப் பேசக்கூடியவர். கடுங்குளிரில் உறைந்து இரண்டு பாதங்களும் செத்துவிட்டன. பாதம் கறுத்திருப்பது அழுக்காலும் கரியாலும் என்றார். பிழைக்கவும் வேண்டும், பாதங்களும் வேண்டும், இரண்டும் சேர்ந்து நடக்காமல் போகலாம் என்பதை யோசிக்கவே மறுத்தார். இந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் திறன் இல்லை என்றது நீதிமன்றம். அறுவை நடக்கும் முன்பே அவர் இறந்துபோனார்.

கனமான மனநோய் இருந்தவருக்குத் திறன் இருந்தது, தெளிவாகப் பேசியவருக்கு இல்லை. எம்.எம்.எஸ்.இ. மதிப்பெண் எடுத்திருந்தால் மேரி நார்தர்ன் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கக்கூடும். ஆனாலும் ‘எம்.எம்.எஸ்.இ. 26, எனவே திறன் உண்டு’ என்ற குறிப்புகள் எனக்கு இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அந்தச் சோதனை ஞாபகத்தையும் கணக்கையும் அளக்கும். தன் கால் தன் கால்தான், அது செத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒருவர் நம்புகிறாரா என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை.

கடவுள் நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. “குலதெய்வம் பாத்துக்கும்” என்று சொன்னதற்காகவே எங்களைக் கூப்பிடுகிறார்கள். அது பிரமை ஆகாது. “தெய்வம் பாத்துக்கும், ஆனா பாத்துக்காமலும் போகலாம், அப்போ நான் போக வேண்டியதுதான்” என்று அவரால் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அது நம்பிக்கை. கால் நேற்றே குணமாகிவிட்டது, டாக்டர்களுக்குத்தான் கண் தெரியவில்லை என்றால், அப்போது எங்களைக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் நாள் குறிப்பை எப்படி எழுதினேன் என்பதை அப்படியே தருகிறேன். கேஸ் ஷீட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

“மூன்றாம் நாள், காலை 11 மணி, நாற்பது நிமிடம். தமிழில், நோயாளியின் படுக்கையில், மனைவி முதல் பாதியில் வெளியே, பிறகு உள்ளே. கேள்வித்திறன் சரி. காய்ச்சல் 99, சர்க்கரை 180. தூக்க மருந்து, போதை தரும் வலி மருந்து இன்று தரப்படவில்லை. கவனம்: கிழமை, மாதம் பின்னோக்கிப் பிழையின்றி. டெலிரியம் இப்போது இல்லை (முதல் நாள் இருந்தது). முடிவெடுக்க வேண்டிய விஷயம்: வலது முட்டிக்குக் கீழ் கால் அகற்றல். அறுவை நிபுணர் என் முன்னிலையில் விளக்கியவை: அறுவையின் பலன், அறுவையின் ஆபத்து, விரல் மட்டும் எடுத்துப் புண்ணைச் சுத்தம்செய்யும் மாற்று வழி, எதுவும் செய்யாவிட்டால் நேரக்கூடியது. நோயாளி தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னது: (அவர் சொன்னது முழுவதும்). மறுக்கும் காரணம்: (அவர் சொன்னது முழுவதும்). அண்ணனின் மரணம் பற்றிய அச்சத்துக்கு விளக்கம் தரப்பட்டது, முடிவு மாறவில்லை. மனச்சோர்வு, பிரமை, சாகும் எண்ணம் இல்லை. உறவினர் வற்புறுத்தல் இல்லை. மனைவி அறுவைக்குச் சம்மதிக்கச் சொல்கிறார், நோயாளி மறுக்கிறார். மாலை 5 மணிக்கு மறுபடி கேட்டதில் அதே முடிவு. என் கணிப்பு: இந்த முடிவை எடுக்கும் திறன் இப்போது உண்டு. காரணம்: நிலையையும் விளைவையும் துல்லியமாகச் சொல்கிறார், தனக்கே பொருத்திப் பார்க்கிறார், மாற்று வழிகளை ஒப்பிடுகிறார். ஏற்றுக்கொண்டவை: விரல் அகற்றல், ஆன்டிபயாடிக், இன்சுலின், தினசரி டிரெஸ்ஸிங். மறுபடி பேச வேண்டிய தருணம்: காய்ச்சல் திரும்பினால், கறுப்பு மேலேறினால், அல்லது நோயாளியே கேட்டால்.”

இதில் இரண்டு இடங்களை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். ‘என் கணிப்பு’ என்பதற்குப் பிறகு ‘காரணம்’ வருகிறது. நமக்கு வரும் குறிப்புகளில் பெரும்பாலும் கணிப்பு மட்டும்தான் இருக்கும். காரணம் எழுதப்பட்டிருந்தால், அதே குறிப்பைப் படிக்கும் இன்னொரு மருத்துவர் “இல்லை, இது சரியில்லை” என்று மறுக்க முடியும். அப்படி மறுக்க வாய்ப்பில்லாத குறிப்பு, எழுதியவரின் பதவியை மட்டும் நம்பி நிற்கிறது.

இன்னொன்று, ஏற்றுக்கொண்டவற்றின் பட்டியல். நம் மருத்துவமனைகளில் ஒரு அறுவையை மறுத்தால் அடுத்த காரியம் ‘சொந்தப் பொறுப்பில் செல்கிறேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதுதான். ‘ஆபரேஷனுக்கு வரலைன்னா பெட்டை காலி பண்ணுங்க’ என்று வார்டில் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு சிகிச்சையை மறுத்தவர் எல்லாச் சிகிச்சையையும் மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள எந்த விதியிலும் இடமில்லை. இவர் போக விரும்பவில்லை. விரல்களை எடுத்துக்கொள்ளவும், ஊசி போட்டுக்கொள்ளவும், தினமும் கட்டுப் பிரிக்கவும் தயாராக இருந்தார். இப்படிப்பட்டவரை வெளியே அனுப்பினால் நாட்டு மருந்துக் கட்டோடு ஒரு வாரத்தில் உயிருக்குப் போராடும் நிலையில் திரும்பி வருவார், அப்போது கேட்பதற்குத் தெளிவான மனிதர் இருக்க மாட்டார்.

உறவினர் கையொப்பத்தை நாம் எவ்வளவு பெரிய கவசமாக நினைக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மயக்க மருந்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த தாயாரின் ஒப்புதலை வாங்கி எடுத்துவிட்டார்கள். அவர் வயதுவந்தவர், மயக்கம் தற்காலிகமானது, அப்போதே எடுத்தாக வேண்டிய உயிராபத்து இல்லை. ஆகவே தாயின் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். மகன் போட்ட கையெழுத்து, தகப்பன் மறுத்ததற்கும் ஆதாரமாகாது, சம்மதித்ததற்கும் ஆதாரமாகாது. மகனுக்கு விவரம் தெரியும் என்பதற்கு மட்டும் சாட்சி. திறன் தற்காலிகமாக இல்லாதபோது குடும்பத்தாரைக் கேட்க வேண்டும்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி “நீங்க என்ன சொல்றீங்க?” என்பதல்ல, “அவர் தெளிவா இருந்தா என்ன சொல்லியிருப்பார், முன்னாடி இதைப் பத்தி ஏதாவது பேசியிருக்காரா?” என்பது. எங்கள் நெசவாளரின் மனைவி முதல் நாளே சொல்லியிருந்தார்: “அண்ணன் செத்தப்பவே, எனக்கு இப்படி வந்தா கால்ல கை வைக்க விடாதேன்னாரு.” அதையும் யாரும் எழுதவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் எதுவும் இல்லை. ‘சொந்தப் பொறுப்பு’ படிவத்தின் மறுபக்கம் இப்போது வெற்றாக இருக்கிறது. அதில் நான்கு இடங்களை அச்சிட்டுத் தாருங்கள்: கவனச் சோதனையின் விடை, நோயாளி தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னது, மறுக்கும் காரணம், ஏற்றுக்கொண்ட சிகிச்சைகள். முதல் இடம் நிரம்பாமல் கையொப்பம் வாங்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். கவனம் சரியில்லை என்றால், அந்த மறுப்பைக் கையொப்பமாக்காமல் டெலிரியத்துக்குக் காரணம் தேடட்டும். அந்த மதிப்பீட்டைச் சிகிச்சை தரும் மருத்துவரே செய்யட்டும். அவர்தான் அறுவையைப் பற்றி விளக்கக்கூடியவர். டெலிரியமா பிரமையா என்று சந்தேகம் வந்தாலோ, மனச்சோர்வு தென்பட்டாலோ, குடும்பத்துக்குள் இழுபறி இருந்தாலோ எங்களைக் கூப்பிடட்டும். ‘ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார், பேசி ஒத்துக்கொள்ள வையுங்கள்’ என்பதற்காக மட்டும் கூப்பிட வேண்டாம். அது எங்கள் வேலை இல்லை.

இரவில் வரும் மறுப்புகளுக்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். நிலைய மருத்துவ அலுவலர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இரவு ட்யூட்டியில் எழுதப்படும் எந்த மறுப்பும் மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒரு மூத்த மருத்துவரால் மறுபடி பார்க்கப்பட வேண்டும். அதுவரை நோயாளியை டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது, அவரே போகத்தான் வேண்டும் என்று தெளிவாக இருந்து சொன்னாலொழிய. அந்த நேரத்தில் நர்ஸின் இரவுக் குறிப்பையும் படித்துவிட்டுக் கையொப்பமிடும் வழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கேஸ் ஷீட்டை நாம் கொடுத்தாக வேண்டும். அப்போது அவர்கள் கையில் போவது டாக்டர் பக்கம், நர்ஸ் பக்கம் இரண்டும்தான்.

நெசவாளருக்கு மூன்று விரல்களை எடுத்தார்கள். இரண்டாவது வாரம் பாதத்தின் ஓரத்தில் கறுப்பு கொஞ்சம் ஏறியது. குறிப்பில் எழுதியிருந்தபடி அன்றே மறுபடி உட்கார்ந்து பேசினார்கள். இந்த முறை பாதத்தின் முன்பாதியை எடுக்கச் சம்மதித்தார், முட்டிவரை மறுத்தார். இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதினார்கள். அந்தக் குறிப்பை எழுதியது முதல் இரவில் ஒற்றை வரி எழுதிய அதே பிஜி மாணவர். இந்த முறை நோயாளியின் பேச்சு மட்டும் பத்து வரிக்கு இருந்தது.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனையில் பணியாற்றும் ஒரு மனநல மருத்துவர்